பூட்டுக்குப் பூஜ்யம்

ஆம்பூர் பக்கத்து அரசுப் பள்ளியில் கழிப்பறை கழுவுகிற முனியம்மாவுக்கு ஒரே பெருமை, அவள் கழுவிய தரையில் சோறு போட்டுத் தின்னலாம் என்பது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற மாணவிகளின் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கேட்டால் கொடுப்பாள். கூடவே நாலு வார்த்தையும் கொடுப்பாள்.

வட்டார அலுவலகத்திலிருந்து பாரதி மேடம் சுகாதார ஆய்வுக்கு வந்த அன்று முனியம்மா தரையை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாள். மார்க் குறைந்தால் ஊராட்சி வேறு ஆளைப் போட்டுவிடும் என்று தலைமையாசிரியர் ராமமூர்த்தி முதல்நாளே சொல்லியிருந்தார்.

பாரதி குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டாள். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும், நிறமே மாறவில்லை. பூஜ்யம். கழிப்பறைச் சுத்தத்துக்கு ஐந்துக்கு ஐந்து. முனியம்மா மூச்சுவிடுவதற்குள் படிவத்தில் அடுத்த வரி வந்தது: பிள்ளைகள் பயன்படுத்தும்படி திறந்திருக்கிறதா? அதற்கும் பூஜ்யம்.

"பூட்டலன்னா நாசம் பண்ணிடுவாங்க மேடம்!"

பாரதி எட்டாம் வகுப்புக்குள் போனாள், முனியம்மா பின்னாலேயே. மணி மூன்று. தூபா என்கிற பெண்ணின் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடி இருந்தது.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சா போகணும் மேடம். போகணும்னா சாவி கேக்கணும்."

முனியம்மாவுக்குச் சுருக்கென்றது. தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த ஒன்பது வருஷமும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் அவளும் இப்படித்தான் தொண்டை காயக் காயக் கிடந்தாள். நீர்க்கடுப்பில் துடித்த உடம்பு அது. தெரிந்த நாமே செய்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

தவறிய ஒவ்வொன்றுக்கும் எதிரே பாரதி செய்ய வேண்டியதையும் பொறுப்பாளரையும் கெடுவையும் எழுதினாள். தொட்டியைக் கழுவிக் குளோரின் போட ஊராட்சிச் செயலர், மூன்று நாள். கைகழுவச் சோப்பு, தலைமையாசிரியர், திங்கட்கிழமை. பூட்டை எடுக்க முனியம்மா, இன்றே. மறு ஆய்வு, பதினைந்தாம் நாள். முனியம்மா அப்போதே பூட்டைக் கழற்றிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு வேளை கழுவியதை மூன்று வேளை கழுவினாள். திட்டிக்கொண்டேதான்.

பதினைந்தாம் நாள் குப்பித் தண்ணீர் மஞ்சளானது. சோப்பும் இருந்தது. கழிப்பறைக்குள் மட்டும் இடைவேளை முடிந்த கையோடு தரையெல்லாம் ஈரச் செருப்புத் தடம். போச்சு, வேலை போச்சு என்று முனியம்மா சுவரோரம் நின்றாள்.

பாரதி சுத்தத்துக்கு மூன்றும் பயன்பாட்டுக்கு ஐந்தும் போட்டாள்.

"இன்னா மேடம் இது? பளிச்சுனு இருந்தப்போ மொத்தமே அஞ்சு. சேறா கெடக்கு, எட்டா?"

"அப்போ யாரும் போகலியேக்கா."

முனியம்மா குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டு சின்னப் பெண்கள் ஓடி வந்து, அவளைக் கண்டதும் தயங்கி நின்றார்கள்.

"போங்கடி," என்றாள், வழிவிட்டு.