அடுத்த ரவுண்டு எப்போ?

அந்தப் பல் மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் டோக்கன். வருகிறவர்களின் பெயரை எழுதி, எண் போட்ட அட்டையைக் கையில் கொடுத்து, உட்காரச் சொல்வது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டாக்டரம்மா, "டோக்கன், அடுத்த ஆளை அனுப்பு" என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. கணினி படித்துப் பட்டம் வாங்கியவள் என்பதை அங்கே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் மட்டும் மறக்கவில்லை.

ஒன்பது வாரங்களுக்கு முன்பு அவளுடைய கைப்பேசிக்கு ஒரு மெயில் வந்தது. ஒரு பெரிய மென்பொருள் கம்பெனி நடத்திய ஆப்டிட்யூட் தேர்வில் அவள் தேறிவிட்டாளாம். வாழ்த்து என்று தொடங்கி, அடுத்தது டெக்னிக்கல் இன்டர்வியூ, அதன் தேதி பதிவு செய்த மெயிலுக்கு அனுப்பப்படும் என்று முடிந்தது. அதற்கப்புறம் மேனேஜர் ரவுண்டு, கடைசியாக ஹெச்.ஆர். ஆக, ஏற வேண்டிய படிகள் நான்கு. அவள் கல்லூரியில் எழுதியவர்களில் முதல் படி ஏறியது அவள் ஒருத்திதான்.

அந்த மெயிலை அவள் எத்தனை முறை படித்திருப்பாள்! விடுதியில் படுக்கையில் கிடந்து படித்தாள். பேருந்தில் நின்றுகொண்டே படித்தாள். நோயாளியின் வாயில் டாக்டரம்மாவின் இயந்திரம் கொர்ரென்று ஓடும்போது, மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தாள். வரிகள் மாறவில்லை. புதிதாக ஒரு வரியும் வரவில்லை.

ஒரு வேலைக்காக இவ்வளவு ஏங்குவார்களா என்று கேட்டால், அவள் ஏங்கியது வேலைக்காக இல்லை. அம்மாவுக்காக.

அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மா ஒரு குடும்பத்தில் படுக்கையில் கிடக்கும் முதியவளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கும் வேலைக்குப் போனாள். மகள் பெண்கள் விடுதிக்குப் போனாள். ஆறு வருடங்களாகத் தாயும் மகளும் சந்திப்பது ஞாயிறு நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பூங்காவின் ஒரு பெஞ்சில். ஒரு சமையலறை, ஒரு தாழ்ப்பாள், உள்ளே இரண்டு பேர். அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தக் கம்பெனி வேலை கிடைத்தால் அது கிடைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வீட்டுக்கார சாருக்கு மாத்தல் வந்துடுச்சுடி. ஒன்றரை நாள் ரயில் பயணமாம். வர்ற சனிக்கிழமை கிளம்புறாங்க. பாட்டியம்மா என்னை விட்டா வேற யார் கையாலயும் சாப்பிட மாட்டேங்குது. கூட வந்துடுங்கன்னு கேக்கறாங்க. ரெண்டு வருஷம்."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"புதன்கிழமை ராத்திரிக்குள்ள சொல்றேன்னேன். என் பொண்ணுக்குப் பெரிய கம்பெனியில வேலை வரப்போகுதுன்னும் சொல்லி வெச்சேன். ஏண்டி கண்ணு, அடுத்தது எப்போன்னு அவங்ககிட்ட கேட்டியா?"

"கேட்டேம்மா. சொல்றோம்னாங்க."

பொய். அவள் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? பயம். அந்த மெயிலின் கீழே சந்தேகங்களுக்கு எழுதச் சொல்லி ஒரு முகவரி இருந்தது. அந்த முகவரிக்குப் பதினோரு கடிதங்கள் எழுதி, பதினொன்றையும் அழித்திருந்தாள். அவசரப்படுகிறாளே என்று நினைத்துப் பெயரை அடித்துவிட்டால்? மருத்துவமனையில் தினமும் அவள் பார்க்கிறாளே. "இன்னும் எத்தனை பேர்ம்மா?" என்று மூன்றாவது தடவை கேட்கிறவர்மேல் அவளுக்கே எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் தன்மேல் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்று, ஆடாமல் அசையாமல் காத்திருந்தாள்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை காலையில், கருவிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, உனக்கே பல்வலியா?"

அவ்வளவுதான், அழுகை உடைந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கையுறையைக் கழற்றி வீசினாள்.

"ஏன் புள்ள, பொண்ணு பாத்துட்டுப் போனவன் ஒன்பது வாரம் பதில் சொல்லலேன்னாகூட ஆள் விட்டுக் கேப்பாங்க. நீ பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கே. பிச்சையா கேக்கறே? தேதி கேக்கறே! இப்பவே எழுது, என் கண்ணு முன்னாடி."

"கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கிட்டா பல்லைக் காட்டச் சொல்லு, நாம பிடுங்கிடலாம்."

அழுகையிலும் சிரிப்பு வந்தது. எழுதினாள். வணக்கம், என் பதிவு எண் இது, இந்தத் தேதியில் ஆப்டிட்யூட் தேர்வில் தேறினேன், அடுத்த கட்டம் எப்போது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நாலே வரி. அனுப்பும் பொத்தானை அழுத்தியது அக்காவின் விரல்.

அன்று பதில் இல்லை. வியாழக்கிழமை மதியம், புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ரெக்ரூட்மென்ட் டீம்லருந்து பேசறேங்க. நேத்து மெயில் போட்டிருந்தீங்க இல்லையா? உங்க பிறந்த தேதி சொல்லுங்க, சரிபார்த்துக்கறேன்."

சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"உங்களுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இன்டர்வியூ நேரத்துக்கு ஸ்லாட் எடுக்கச் சொல்லி மெயில் போச்சே. அப்புறம் ஒரு நினைவூட்டலும் போயிருக்கு. இன்டர்வியூ இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்து முடிஞ்சது. நீங்க வரலைன்னு போட்டிருக்கு."



"எனக்கு ஒண்ணுமே வரலைங்களே மேடம்! தினமும் பாக்கறேனே!"

"நீங்க பதிவு பண்ணினது காலேஜ் மெயில். நேத்து எழுதினது வேற மெயில்லருந்து."

"ஆமாம் மேடம். காலேஜ் மெயில்தான் குடுக்கணும்னு சொன்னாங்க. அதுக்கு வர்றதெல்லாம் தானா என் சொந்த மெயிலுக்கு வர்ற மாதிரி வெச்சிருக்கேன். ரிசல்ட்கூட அப்படித்தான்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது. படித்து முடித்தவர்களின் மெயிலைக் கல்லூரி மூடிவிடும் என்று எப்போதோ அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு அந்த நாள் வந்துபோயிருக்கிறது. வாசல் மூடியது தெரியாமல், வழி திருப்பி விட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில், வராத கடிதத்துக்குக் காத்திருந்திருக்கிறாள். கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு முறை!

"மெயில் திரும்பி வந்திருக்குங்க. நானும் கவனிச்சிருக்கணும், இந்த பேட்ச்ல எண்ணூறு பேர்." அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு பண்ணலாம். விட்டுப்போனவங்களுக்காக சனிக்கிழமை ஒரே ஒரு நாள் வெச்சிருக்கோம். காலையில பத்தரைக்கு ஒரு ஸ்லாட் காலி. வீடியோவுல. வேணுமா? இன்னும் ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டிருந்தீங்கன்னா நானும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"வேணும் மேடம். வேணும், வேணும்."

போனை வைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா! தேதி வந்துடுச்சும்மா! சனிக்கிழமை பத்தரைக்கு! நீ போகலைன்னு சொல்லிடும்மா!"

 அந்தப் பக்கம் பாட்டியம்மாவின் இருமல் கேட்டது.

"நேத்து ராத்திரியே வர்றேன்னு சொல்லிட்டேன் கண்ணு. எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டாங்க. பாட்டியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுடுச்சு. இனிமே எப்படி இல்லேன்னு சொல்றது?"

"நேத்து..."

"தேதின்னு ஒண்ணு கையில இருந்திருந்தா, அதைச் சொல்லி ஒரு மாசம் தவணை கேட்டிருப்பேன். கம்பெனிக்காரங்கதான் சொல்றோம்னுட்டாங்களே, அவங்களை என்ன பண்றது? உன் மேல தப்பில்லடி."

உன் மேல் தப்பில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் கேக்கவே இல்லைம்மா. அன்னைக்குப் பொய் சொன்னேன். பயந்துட்டேன். நேத்துதான் கேட்டேன். கேட்ட மறுநாளே சொல்லிட்டாங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"பைத்தியம்," என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. "பசிச்சாலும் கேக்க மாட்டே நீ, கைக்குழந்தையிலருந்து. நான்தான் பாத்துப் பாத்து ஊட்டணும். சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு எனக்கு ரயில். ஸ்டேஷனுக்கு வர்றேன்னு நிக்காதே. இன்டர்வியூவை விட்டுட்டு வந்தே, அப்புறம் நான் உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்."

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டு, தன் லேப்டாப்பையும் மருத்துவமனைச் சாவியையும் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம்தான் மருத்துவமனை திறக்கும். "நல்லா வாயைத் திறந்து பேசு டோக்கன். இங்க வர்றவங்களுக்கு நான் சொல்றதுதான்," என்றார்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அவள் டாக்டரின் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பத்து இருபத்தைந்துக்கு அம்மா அழைத்தாள். பின்னால் பெட்டிகளை இழுக்கும் சத்தம், அறிவிப்பு.

"ஜன்னலோரம் இடம்டி. பாட்டியம்மாவைப் படுக்க வெச்சாச்சு. நீ தலை வாரிக்கிட்டியா?"

"வாரிக்கிட்டேன்."

"சரி, வை. கேமராவைப் பாத்துப் பேசு. அழுதுகிட்டு உக்காராதே."

திரையில் இரண்டு பேர் தோன்றினார்கள். கண்ணாடி போட்ட ஒருவர், குழந்தை முகமுள்ள ஒரு பெண். அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். பிறகு, இரண்டு அட்டவணைகளில் இருக்கும் தகவலை எப்படி இணைத்து எடுப்பாய், ஒன்றில் மட்டும் இருப்பது விடுபடாமல் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்ததுதான். சொல்லிக்கொண்டே இருந்தபோது திரையின் மூலையில் 10:45 என்று மாறியது. எங்கோ ஒரு ஜன்னல் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்தாள்.

நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு கண்ணாடிக்காரர், "ஓகே. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார். பேச்சை முடிப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி அது. இல்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம்.

"ஒண்ணு கேக்கணும் சார். இதுல தேறினா, மேனேஜர் ரவுண்டு எப்போ இருக்கும்? தேறலைன்னாலும் எந்த நாளுக்குள்ள தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் சிரித்தார்.

"நல்ல கேள்வி. எதுவானாலும் புதன்கிழமைக்குள்ள மெயில் வரும். அதுக்குள்ள வரலைன்னா தயங்காம எழுதுங்க."

"எழுதறேன் சார். என் மெயிலை இந்தப் புது மெயிலுக்கு மாத்திட்டாங்களான்னும் பாத்துடுங்க சார்."

அந்தப் பெண் பார்த்துச் சொன்னாள். மாற்றியாகிவிட்டது.

திரை இருண்டது. அவள் கைப்பேசியை எடுத்தாள். "புதன்கிழமைக்குள்ள சொல்லிடுவாங்களாம்மா. நானே கேட்டேன்," என்று அம்மாவுக்கு எழுதி அனுப்பினாள். செய்தியின் பக்கத்தில் ஒரே ஒரு டிக் விழுந்தது, இன்னும் போய்ச் சேரவில்லை. ரயில் ஊரைத் தாண்டியிருக்கும், சிக்னல் இருக்காது.

அறையைப் பூட்டிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தாள். இரண்டாவது டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.