காலைச் சாட்சியும் மாலைச் சாட்சியும்

தம்புச் செட்டித் தெரு மாடியில் பங்கஜவல்லி அம்மாள் மொழிபெயர்ப்பார். நான் தட்டச்சு செய்வேன். ஒரு கால்புள்ளிக்காக மறுபடி பக்கம் அடிக்க வைப்பதால் குமாஸ்தாக்கள் அவருக்கு வைத்த பெயர் 'கமா அம்மா'. அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

ஒருநாள் வக்கீல் குமாஸ்தா ஏகாம்பரம் ஒரு தமிழ் உயிலோடு வந்தார். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஆங்கிலம் வேண்டும். பெரம்பூர் வீட்டைத் தாண்டவராயன் என்பவர் தன் மனைவியின் தங்கை மகள் சுலோசனாவுக்கு எழுதியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் மகன்கள் வழக்குக்கு வந்துவிட்டார்கள். உயில் தோற்றால் வீடு அவர்களுக்கு, சுலோசனாவுக்குத் தெருதான்.

சாட்சிப் பகுதி விசித்திரமாக இருந்தது. காலையில் கடை திறக்கும் அவசரத்தில் ஒருவர், தாண்டவராயன் கையெழுத்திடுவதைப் பார்த்து, அவர் முன்னாலேயே தானும் போட்டிருந்தார். மாலையில் வேலை முடிந்து வந்த கம்பவுண்டரிடம் "இது நான் போட்ட கையெழுத்து" என்று தாண்டவராயன் காட்ட, கம்பவுண்டரும் தாண்டவராயன் முன்னாலேயே போட்டிருந்தார். மனிதர் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தார்.

"இவ்ளோ நீளம் எதுக்கும்மா? 'ஒரே நேரத்துல எல்லாரும் கூடியிருக்க'ன்னு வழக்கமா போடறதப் போட்டுடுங்க. பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார் ஏகாம்பரம்.

"கூடியிருந்தாங்களா?"

"இல்லதான்..."

"அப்புறம் நான் ஏன்யா கூட்டணும்? நான் என்ன கல்யாணத் தரகரா?"

ஏகாம்பரம் முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். அந்தப் பத்தியை மூன்று முறை அடித்தவன் நான்.

விசாரணை நாளன்று வேடிக்கை பார்க்கப் போனேன். கம்பவுண்டர் கூண்டில் நின்றார்.

"நீங்க கையெழுத்துப் போட்டப்ப முதல் சாட்சி எங்க நின்னாரு?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"அவர நான் பார்த்ததே இல்ல சார்."

வக்கீல் வெற்றிச் சிரிப்போடு நீதிபதி பக்கம் திரும்பினார். சுலோசனாவின் முகம் வெளுத்துவிட்டது. நீதிபதி எங்கள் மொழிபெயர்ப்பின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். "உயில்லயே அப்படித்தானே இருக்கு? சாட்சிகள் ஒண்ணா இருக்கணும்னு சட்டம் கேக்கலையே" என்றார். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஏகாம்பரம் சொன்னபடி அடித்திருந்தால், உயில் ஒன்று சொல்ல சாட்சி வேறு சொல்ல, கம்பவுண்டரின் உண்மையே உயிலுக்கு எமனாகியிருக்கும்.

தீர்ப்பு வந்த மறுநாள் சுலோசனா பால்கோவாவோடு மாடியேறி வந்தாள்.

"அசல் உயில் கோர்ட்டுலயே இருக்கு. கையில இருக்கறது இங்கிலீஷ் காப்பி, எனக்கு இங்கிலீஷ் வராதும்மா. பெரியப்பா என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காருன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

அம்மாள் ஆங்கிலப் பிரதியை எடுத்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்: "என் மனைவியின் தங்கை மகள். நான் பெறாதவள். என் கடைசி ஏழு வருஷம் எனக்குச் சோறு ஊட்டியவள்."

சுலோசனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பேசற மாதிரியே இருக்கும்மா."

அன்று முழுக்க அம்மாள் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பி அடிக்கச் சொல்லவில்லை.