லேட் என்று யாரைச் சொன்னார்கள்

பியாட்ரிஸ் அக்காவுக்கு எங்கள் பேஜர் ஆபீசில் 'கமா அக்கா' என்று பெயர். வைத்தவர்கள் YOU'RE, WHO'S மாதிரி வார்த்தைகளில் எழுத்துக்கு மேலே தொங்குகிற குறிக்கு அபாஸ்ட்ரஃபி என்று பெயர் என்பதுகூடத் தெரியாதவர்கள், அதையும் கமா என்பார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன், ஆனால் என் பக்கத்து சீட்டில் அவரைப் போல ஒரு ஆள் உட்கார்ந்ததில் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

தொண்ணூற்றெட்டு. செல்போன் பெரிய முதலாளிகள் கையில் மட்டும் இருந்தது. கூரியர் கம்பெனிக்காரர்கள், மெக்கானிக்குகள், டாக்டர்கள் எல்லாம் இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். யாருக்காவது செய்தி அனுப்ப வேண்டும் என்றால் எங்களுக்குப் போன் செய்து, பேஜர் நம்பரையும் செய்தியையும் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் அதை இங்கிலீஷில் பெரிய எழுத்தில் டைப் செய்து, சொன்னவருக்கே ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டி, அவர் சரி என்றதும் அனுப்புவோம். பெங்களூரில் பாதிப் பேருடைய அவசரம் எங்கள் காது வழியாகத்தான் போனது.

அக்கா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்கு நேரம் இல்லப்பா" என்று ஹெட்போனை மாட்டிக்கொள்வார். முன்பு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டெலெக்ஸ் அடித்தவர். கோயில் நோட்டீஸ் போர்டில் விழா அறிவிப்பை ஒட்டினால், பூசை முடிந்ததும் பேனாவோடு போய் நிற்பார். 'Your welcome' என்று எழுதியிருந்ததை அடித்துத் திருத்தி, பங்குச் சாமியாரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

எங்கள் ஆபீசில் அவருக்குப் பெரிய சோதனை, மேலே தொங்குகிற அந்தக் கமாவுக்குத் தடை வந்ததுதான். சில பேஜர்களில் அந்தக் குறி விழுந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் தெரிகிறது என்று புகார் வந்தது. இனிமேல் யாரும் அந்தக் குறியைத் தொடக்கூடாது என்று சூப்பர்வைசர் முகேஷ் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மற்றவர்களுக்கு நிம்மதி. YOUR WANTED AT OFFICE என்று அடித்தார்கள். WHOSE ON DUTY TONIGHT என்று அடித்தார்கள். போன செய்திக்குப் பதில் வந்தது, ஆள் வந்தான், வேலை நடந்தது. யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

அக்காவுக்கு மட்டும் ஒவ்வொன்றும் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

"ரமா, தமிழ்ல நீ லேட்டுங்கறதுக்கு உன் லேட்டுன்னு சொல்லுவியா? யார் டூட்டிங்கறதுக்கு யாருடைய டூட்டில இருக்கான்னு கேப்பியா?"

"இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதேக்கா."

"அதான். காது ஏமாத்தும். விரிச்சுப் பாரு. யூ ஆர்னு விரிச்சா பொருந்துதா, அப்போ அது வேற. ஹூ ஈஸ்னு விரிச்சா பொருந்துதா, அதுவும் வேற. பொருந்தலேன்னா தான் உன்னுடையது, யாருடையது."

அவர் அப்படியே விரித்துத்தான் அடிப்பார். YOU ARE WANTED. WHO IS ON DUTY. எழுத்து வீணாகிறது, நேரம் வீணாகிறது என்று முகேஷ் முணுமுணுப்பார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். நாங்கள் அடித்த YOUR எதுவாகவும் இருக்கலாம். அக்கா அடித்த YOUR உன்னுடையது மட்டும்தான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நடந்தது தெரியாதவர்கள் அவரைக் கவனக்குறைவானவர் என்று பேசினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம். லைன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடுகோடியில் கூரியர் ஆபீஸ் வைத்திருந்த ராகேஷ் என்பவர் கூப்பிட்டார். அந்த மனிதர் இங்கிலீஷ் பேசுவது ரயில் போகிற மாதிரி இருக்கும், நடுவில் நிற்காது. தன் டெலிவரி ஆள் ஒருவனுக்குச் செய்தி. அக்கா அடித்து, வாசித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

YOUR LATE WIFES PEOPLE CALLED FROM HOSPITAL FINISH HOSUR ROAD AND GO.

ராகேஷ் சரி சரி என்று வைத்துவிட்டார். அனுப்பி முடித்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பாவம் ரமா, பொண்டாட்டி செத்தவனாம். இப்போ அவ வீட்டு ஆளுங்க யாரோ ஆஸ்பத்திரில. அந்த நேரத்துலயும் ஓசூர் ரோட்ட முடிச்சுட்டுப் போன்னு சொல்றான் பாரு முதலாளி."

எனக்கும் பரிதாபமாக இருந்தது. அதற்குள் அடுத்த கால் வந்துவிட்டது.

மழை விட்டு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். வாட்ச்மேன் வந்து, கீழே ஒரு ஆள் சண்டை போடுகிறான், அடுகோடிக் கூரியர் பேஜருக்குச் செய்தி அடித்தவர் யார் என்று கேட்கிறான் என்றார். அக்கா எழுந்து போனார். நானும் கூடவே போனேன்.

சண்டை போடுகிற ஆளாகத் தெரியவில்லை. தாடி வளர்ந்து, மொட்டை அடித்த தலையில் முடி குத்திட்டு நின்றது. பெயர் தனக்கோடி, வீடு நீலசந்திரா என்றார். கையில் பேஜர். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தார்.

"மேடம், இத உங்களுக்குச் சொன்னது யாரு? பேரு மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

"உங்க முதலாளி ராகேஷ்தான் சொன்னாருங்க."

"அவரு அப்படிச் சொல்லவே இல்லேங்கறாரு. என் மச்சான் சண்முகம் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணவன். அவனும் சொல்லலேன்னு அவங்க ஆத்தா மேல சத்தியம் பண்றான். எவனோ ஒருத்தன் சொல்லாமயா இங்க வந்துச்சு?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்லலேங்கறாங்க?" என்று கேட்டார்.

"என் பொண்டாட்டி வள்ளியம்மா செத்துட்டான்னு."

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வயிற்றில் கட்டி என்று வள்ளியம்மாவைச் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனை அன்றைக்கே செய்ய வேண்டும் என்று டாக்டர் திடீரென்று சொல்லிவிட்டார். உள்ளே போவதற்கு முன் புருஷனைப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, சண்முகம் கூரியர் ஆபீசுக்குப் போன் செய்தான். தனக்கோடி ஓசூர் ரோட்டில் பேஜரைப் பார்த்தார். இங்கிலீஷ் அதிகம் தெரியாது. ஆனால் 'லேட்' தெரியும். தங்கைக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது செத்துப்போன அப்பா பெயருக்கு முன்னால் அவரே நின்று போடச் சொன்ன வார்த்தை அது. நம் ஊரில் அந்த வார்த்தை தெரியாத வீடு ஏது.

செத்தவளிடம் போக என்ன அவசரம்? நீலசந்திராவுக்குப் போய் மாமியாரிடம் சொல்லி, அவர் மயங்கி விழ, தண்ணீர் தெளித்து எழுப்பி, பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வழியில் மாலை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். நர்ஸ் ஓடி வந்து, யாருக்கம்மா ஒப்பாரி, உங்க பொண்ணு இப்போதான் தியேட்டருக்குள்ள போனா, கடைசி வரைக்கும் புருஷன் வரலையேன்னு கேட்டுட்டே போனா என்று திட்டினாள். தனக்கோடி மாலையைச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தாராம். சாயங்காலம் வரை அப்படியே சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாராம்.

"அவ வெளிய வரல மேடம். அன்னைக்கே ரெண்டாவது மால வாங்கினேன்."

அவர் நிறுத்தாமல் பேசினார். உயிரோடு இருந்தவளைச் செத்துவிட்டாள் என்று சொன்னவன் சண்முகம்தான் என்று அவருக்கு நிச்சயம். அவனை வீட்டுப் பக்கமே வராதே என்று விரட்டிவிட்டார். வயதான மாமியாரால் முடியாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவனையும் அவன் பெண்சாதியையும் விட்டால் வேறு நாதி இல்லை. இருந்தாலும் அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார்.

அதற்குள் முகேஷ் இறங்கி வந்துவிட்டார். விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, செய்தி வாசித்துக் காட்டப்பட்டது, சொன்னவர் ஒப்புக்கொண்டார், கம்பெனி பொறுப்பல்ல என்று இங்கிலீஷில் ஒப்பித்தார். அக்காவின் கையைப் பிடித்து, வாயைத் திறக்காதே, மேலே வா என்றார். அவர் சொன்னது விதிப்படி சரிதான். அக்கா வாசித்துத்தான் காட்டினார். ஆனால் வாசித்தால் இரண்டும் ஒரே சத்தம். ராகேஷ் காதில் 'நீ லேட்' என்று விழுந்தது, அக்கா வாயில் இருந்து 'உன் லேட்' என்று போனது. அந்தச் சோதனை இதைப் பிடிக்கவே பிடிக்காது.

அக்கா பேஜரை வாங்கி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். 'யூ ஆர்' என்று தனக்குள் விரித்துப் பார்த்தது எனக்குக் கேட்டது. மேலே வந்திருக்கலாம். நான்கூட அவர் புடவைத் தலைப்பை இழுத்தேன். அவர் அசையவில்லை.

"தனக்கோடி, உங்க மச்சான் பொய் சொல்லல. உங்க முதலாளியும் சொல்லல. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"அவர் சொன்னது ரெண்டு பேச்சு. யூ ஆர் லேட், அது ஒண்ணு. அப்புறம், பொண்டாட்டி வீட்டு ஆளுங்க போன் பண்ணாங்க, அது ஒண்ணு. நான் ரெண்டையும் ஒண்ணா சேத்துக் கேட்டுட்டேன். உங்க லேட் பொண்டாட்டியோட ஆளுங்கன்னு. அவங்க முன்னாடியே செத்துட்டாங்கன்னு நெனச்சேன். சண்முகத்த கூப்பிட்டுக்குங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

தனக்கோடி பேஜரைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். உதட்டை அசைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"அப்போ லேட்டுன்னு சொன்னது அவள இல்ல."

"இல்ல."

"என்னைத்தான்."

அக்கா ஆமென்று தலையை அசைத்தார்.

"நான்தான் லேட்டு," என்றார் தனக்கோடி. "நேரா போயிருந்தா பேசியிருப்பேன்."

திட்டியிருக்கலாம். எதையாவது தூக்கி அடித்திருக்கலாம். நாங்கள் அதற்குத் தயாராகத்தான் நின்றோம். அவர் பேஜரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மச்சானைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசல்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

மேலே வந்து உட்கார்ந்தோம். அக்கா ஹெட்போனை மாட்டவில்லை. முகேஷ் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு, எழுந்து வராமல், எங்கள் திரைக்கு வரி அனுப்புகிற வழக்கம் உள்ளவர். ஆபீசுக்குள் போகிற செய்தியில் கமாவுக்குத் தடை இல்லை. கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு கேள்வி அனுப்பினார்.

WHO'S MISTAKE?

யாருடைய தவறு என்று கேட்க நினைத்திருக்கிறார். எழுதியதை விரித்தால் 'ஹூ ஈஸ் மிஸ்டேக்', தவறு என்பது எந்த ஆள் என்று. வேறு எந்த நாளாக இருந்தாலும் அக்கா என்னை இடித்து, இதைப் பாரேன் என்று காட்டியிருப்பார். அன்றைக்குக் காட்டவில்லை. WHOSE என்று சரியாகக் கேட்டிருந்தால் அக்கா என்னுடையது என்று எழுதியிருப்பார், ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். முகேஷ் எழுதியிருந்த கேள்விக்கே பதில் அடித்தார்.

I AM.

அனுப்பிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு வேலைக்கு வரவில்லை.