வசையில்லை என்று அவள் போட்ட குறி

பிறர் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் உட்கார்ந்து படிப்பதுதான் அவளுடைய வேலை. காலையில் தலைக்குக் குளித்து, மகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வந்து கணினி முன் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வசவு மழைதான். வீடியோக்களின் அடியில் தமிழர்கள் எழுதும் கமெண்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். 'வசை', 'வசையில்லை' என்று குறி போட வேண்டும். அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் ஃபில்டர் கற்றுக்கொள்ளும். பிறகு அதுவே ஆள் இல்லாமல் கெட்ட கமெண்டுகளைப் பிடித்து மறைத்துவிடும்.

தன் சட்டையைத் தானே தைத்துப் போட்டுக்கொள்கிறவள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் 'டெய்லர்'. கழுத்தை முழுக்க மூடும் காலர் வைத்துத்தான் தைப்பாள். அது பாஷன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் அடுப்புத் தீ தாவி, காதுக்குக் கீழிருந்து தோள்வரை சுருக்கிவிட்டுப் போன தோல் அந்தக் காலருக்குள் இருந்தது. அலுவலகத்தில் அதைப் பார்த்தவள் ஒருத்திதான்.

அவளை 'வாயாடி' என்பார்கள். பக்கத்து நாற்காலி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டில் எந்த டப்பா யாருடையது என்ற கணக்கே அவர்களுக்குக் கிடையாது. நாள் முழுக்கத் திட்டு படித்து மனம் கசந்து போனால் வாயாடிதான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். நம்மை யாராவது நேரில் திட்டினால்கூட முதலில் எழுத்துப்பிழைதான் கண்ணில் படும் என்பாள்.

அந்த வேலையின் கஷ்டம் வெளியில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. 'நாயே' என்று ஒருவன் தமிழில் எழுதுவான். அடுத்தவன் naaye என்பான், இன்னொருவன் naye என்பான். நடுவில் புள்ளி வைப்பான், a-க்குப் பதில் @ போடுவான், எழுத்தை ரப்பர் மாதிரி இழுப்பான். ஃபில்டர் புள்ளிகளை உதிர்த்து, இழுத்த எழுத்தைச் சுருக்கி, ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு மாற்றி, எல்லா வேஷத்தையும் கலைத்து ஒரே சொல்லாக்கிப் பார்க்கும். கலைக்கும்போது அப்பாவிகளும் மாட்டுவார்கள். share panniten என்று ஆசையாக எழுதியவரைப் 'பன்னி' என்று திட்டியதாகப் பிடித்து வைத்துக்கொண்டது ஒருமுறை. அதனால்தான் சொல்லை மட்டும் பட்டியலில் போட்டால் போதாது, முழு வாக்கியத்தையும் மனிதர் படித்துக் குறி போட வேண்டும் என்று ஃபில்டரைச் செய்யும் இன்ஜினியர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒவ்வொரு கமெண்டுக்கும் மூன்று பேர் தனித்தனியாகக் குறி போடுவார்கள். இரண்டு பேர் சொன்னதே முடிவு. அடிக்கடி மற்ற இருவரோடு ஒத்துப்போகாதவர்களுக்கு மதிப்பெண் குறையும். மதிப்பெண் நன்றாக இருந்தால் சரிபார்ப்பாளர் ஆகலாம், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். வாயாடி அந்த இடத்துக்குத்தான் தவம் கிடந்தாள். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. திருப்பிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டும். மதிப்பெண்ணோ விளிம்பில் நின்றது.

டெய்லருக்கு வேறொரு ஆசை இருந்தது. அதே வீடியோ தளத்தில் அவளும் தையல் சொல்லிக்கொடுக்கும் சேனல் வைத்திருந்தாள். கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். மகள்தான் போனைப் பிடித்துப் படம் எடுப்பாள், அவள்தான் கமெண்டுகளைப் படித்துக் காட்டுவாள். கைகள் மட்டும்தான் வீடியோவில் தெரியும். முகம் தெரிந்தால் கழுத்தும் தெரியுமே.

"எத்தனை நாளைக்குடீ கையை மட்டும் காட்டிட்டு இருப்ப? உன் முகத்தைப் பார்த்தா யாருக்கும் தைக்கக் கத்துக்கணும்னு தோணும். நான் சொல்றேன், காட்டு" என்று வாயாடிதான் மாதக்கணக்கில் நச்சரித்தாள். அவள் சொல்லுக்காகவே டெய்லர் காலர் இல்லாத சட்டை ஒன்று தைத்து, கேமரா முன் உட்கார்ந்தாள்.

வீடியோவுக்கு நல்ல வரவேற்புதான். ஆனால் எங்கிருந்தோ ஒருவன் 'கருகல் அக்கா' என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், ஈ மொய்த்த மாதிரி கூட்டம் சேர்ந்துவிட்டது. karugal, karukal, karuhal, k.a.r.u.g.a.l. சேனல் அமைப்பில் தடைச் சொல்லாக அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அது அவள் அடித்த எழுத்துகளை மட்டும்தான் பிடித்தது. மறுநாள் வேறு எழுத்தில் வந்து நின்றார்கள். மகள் படித்துவிடுவாளே என்று, விடியும் முன்பே எழுந்து ஒவ்வொன்றாகப் புகார் கொடுத்து நீக்குவாள். அப்படியும் ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள். அன்று போனைக் கீழே இறக்கி, அம்மாவின் கைகளை மட்டும் படம் எடுத்தாள். அந்தக் குழந்தையின் கை இறங்கியதைப் பார்த்தபோது, தீப்பிடித்த நாளில்கூட அழாதவள், கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்து அழுதாள்.

அந்தக் கமெண்டுகளை அலுவலக ஃபில்டர் மட்டும் கற்றுக்கொண்டுவிட்டால் போதும், எந்த எழுத்தில் வந்தாலும் பிடித்துவிடும். அவளுடைய நம்பிக்கையெல்லாம் அதில்தான் இருந்தது.

அவள் கொடுத்த புகார்களே ஒருநாள் அவள் திரைக்கு வந்து சேர்ந்தன. எழுதியவர் பெயரும் சேனல் பெயரும் அழித்துத்தான் வரும். ஆனாலும் மனப்பாடமான வரிகள் தெரியாமல் போகுமா? தன்னைப் பற்றிய கமெண்ட் வந்தால் மேலாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. சொன்னால் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் 'வசை' என்று குறி போட்டாள். அன்று மத்தியானம் வாயாடியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, என் சேனல் வரிகள் நமக்கே வருகின்றன என்றாள். வாயாடி அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வார முடிவில், கருத்து ஒத்துப்போகாத கமெண்டுகளைச் சுவரில் பெரிதாகப் போட்டு எல்லோரும் பேசி முடிவு செய்வார்கள். முதலில் வந்தது: 'karugal akka konjam moodikittu thainga.' இரண்டு வசை, ஒரு வசையில்லை. அதே சொல் வந்த எல்லா வரிகளிலும் இதே கணக்கு.

வசை என்றவர்களில் இன்னொருவர் 'கண்டக்டர்'. நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபக்கமும் திட்டு வாங்கியே பென்ஷன் எடுத்தவன் நான், திட்டுகிற குரல் எழுத்திலேயே கேட்கும் எனக்கு என்றார். இன்ஜினியர் தயங்கினார். கருகல் சாதாரணச் சொல், சமையல் வீடியோக்களின் அடியில் நூற்றுக்கணக்கில் வருகிறது, குறிகள் தெளிவாக இல்லாவிட்டால் ஃபில்டர் அடிப்பிடித்த சோற்றைப் பற்றிப் பேசுபவர்களையும் மறைத்துவிடும் என்றார். வசையில்லை என்று போட்டவர் காரணம் சொல்லட்டும் என்றார் மேலாளர்.

கையைத் தூக்கியது வாயாடி.

டெய்லருக்கு முதலில் புரியவில்லை. ஏதோ கேட்கத்தான் கை தூக்குகிறாள் என்று நினைத்தாள். வாயாடியோ, பட்டியலில் இல்லாத சாதாரணச் சொல்லை நேரடி வசையில்லாமல் வசை என்று எடுக்கக் கூடாதென்று விதியில் இருப்பதாகவும், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்று நினைத்ததாகவும் நிதானமாகச் சொன்னாள். மேலாளர் தலையாட்டிவிட்டு, இருந்தாலும் இரண்டுக்கு ஒன்று, வசை என்றே முடிப்போம் என்றார். அத்தனை வரிகளிலும் வாயாடியின் மதிப்பெண் சரியப் போகிறது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"சார், இரண்டு இல்ல" என்றாள் வாயாடி. டெய்லர் பக்கம் திரும்பவே இல்லை. "அதுல ஒரு குறி செல்லாது. இது டெய்லரோட சேனல். அவங்களைப் பத்தின கமெண்ட். அவங்க ஒதுங்கியிருக்கணும்."

எல்லோருடைய பார்வையும் மெதுவாக, வேண்டாம் வேண்டாம் என்று தயங்கிக்கொண்டே, அந்தக் காலருக்கு வந்து நின்றது. எந்தக் கமெண்டும் செய்யாததை அந்தப் பார்வைகள் செய்தன.

டெய்லர் எழுந்து நின்றாள்.

"உண்மைதான் சார். நான் சொல்லியிருக்கணும். என் குறியை அடிச்சிடுங்க" என்றாள். பிறகு தோழியைப் பார்த்தாள். "என்னைப் பத்தினதுன்னு தெரிஞ்சுதான் வசையில்லன்னு போட்டியா?"

"உனக்கு என்னடீ, வீடியோவ நிறுத்திட்டா முடிஞ்சுது" என்றாள் வாயாடி தாழ்ந்த குரலில். "எனக்கு அந்தச் சரிபார்ப்பாளர் இடம் போனா அந்தக் கிழவியை யார் பார்ப்பா?"

முகத்தைக் காட்டு என்று மாதக்கணக்கில் கெஞ்சிய அதே வாய்தான் சொன்னது.

கண்டக்டர்தான் தொண்டையைக் கனைத்தார். யாரைப் பற்றியது என்று தெரிந்தவர் குறி போடக் கூடாதென்றால், தெரிந்து போட்ட இரண்டு குறியுமே செல்லாது சார் என்றார். மேலாளர் யோசித்தார், ஒப்புக்கொண்டார். எல்லா வரிகளும் வேறு கட்டிடத்தில் இருக்கும் குழுவைச் சேர்ந்த புதிய இரண்டு பேருக்குப் போயின.

அவர்கள் டெய்லரைப் பார்த்ததில்லை, அவள் கழுத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இல்லை. ஏறக்குறைய எல்லா வரிகளுக்கும் 'வசை' என்றார்கள். கூடவே அனுப்பிய சமையல் கமெண்டுகளுக்கு மட்டும் 'வசையில்லை' என்றார்கள். ஃபில்டர் அடுத்த முறை பயிற்சி பெற்று வந்ததும் கருகல் அக்காக்கள் எல்லா எழுத்திலும் மறைந்தார்கள். எப்போதாவது ஒன்று தப்பி வந்தது, அவ்வளவுதான். விதியை மீறியதற்கு இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சரிபார்ப்பாளர் இடம் வேறு யாருக்கோ போனது. டெய்லர் கேட்டு வேறு வரிசையில் நாற்காலி வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் டப்பாவில் சாப்பாடு மீந்து வீட்டுக்கு வருகிறது.

ஒரு விடுமுறைப் பிற்பகல். மெஷினில் உட்கார்ந்து பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மகள் போனோடு வந்து நின்றாள். வாயாடிதான். ரொம்ப அழறாங்கம்மா, அவங்க வீட்டுப் பாட்டிக்கு முடியலையாம், உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம் என்று போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"வீட்ல இல்லன்னு சொல்லு."

"மெஷின் சத்தம் அவங்களுக்குக் கேக்குமேம்மா."

கண்ணீர் மறைத்ததில் ஊசி கோட்டைத் தாண்டி எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"கேக்கட்டும்" என்றாள்.