எண்பது கட்டத்துக்குள் ஒரு மாடி

ஞானமேரி தருமபுரி நகரில் ஒரு பிரசவ விடுதியில் தாதி. பிள்ளை குறுக்கே கிடந்தால் குறுக்கே கிடக்கிறது என்றுதான் சொல்வார். வெளியே நிற்கும் மாமியாரின் மனம் நோகுமே என்று பூசி மெழுகிப் பேச அவருக்கு வராது. "தாதியம்மா வாயில சக்கரையே ஒட்டாது" என்பார்கள். ஆனாலும் வலி கண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

1966 மே மாதம் அவருக்கு ஒரு கெடு இருந்தது. மாதா கோயில் தெருவில் உள்ள வீடு அவருடைய கணவருக்கும் கொழுந்தன் இன்னாசிராஜுக்கும் பொது. மேல்தளத்தை மட்டும் ஞானமேரியும் கணவரும் தங்கள் சம்பாத்தியத்தில் கட்டினார்கள். கணவர் இறந்து இரண்டு வருடம். மாடி பூட்டியே கிடந்தது. இன்னாசிராஜ் புளி வியாபாரி. அவருக்கு மூட்டை அடுக்க இடம் வேண்டும்.

"மே முப்பத்தொண்ணுக்குள்ள ஆள் வந்தா சரி, அண்ணி. வரலைன்னா மாடியை நான் எடுத்துக்கறேன். சும்மா கெடக்கறதுக்கு மூட்டை கெடக்கட்டும்."

"சரி தம்பி" என்று ஞானமேரி ஒப்புக்கொண்டார். ஒருமுறை ஏறிய மூட்டை அடுத்த வருடமும் ஏறும், அப்புறம் மாடியே அவருடையதாகிவிடும் என்பது இருவருக்குமே தெரியும்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆபீஸ் ஆபீஸாக ஆட்கள் மாற்றலாகி வந்துகொண்டிருந்தார்கள். வீடு கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே பத்திரிகை ஏஜெண்டாக இருந்த அருள்நாதன், சேலத்துப் பத்திரிகைக்கு வரி விளம்பரம் வாங்கி அனுப்புவார். மே முதல் வாரத்தில் அவரே ஒன்று எழுதிப் போட்டார்: காற்றோட்டமான அழகிய மாடி, குடும்பத்தாருக்கு ஏற்றது.

மூன்று குடும்பங்கள் வந்தன. ஆண்கள் மூவரும் மாடி ஏறினார்கள், ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், தலையாட்டினார்கள். பிறகு, "கொழாய் எங்கீங்க?" என்று கேட்டார்கள்.

மாடியில் குழாய் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கிணறு உண்டு. சேந்தி, குடத்தை இடுப்பில் வைத்து, இருபத்திரண்டு படி ஏற வேண்டும். மூன்றாவதாக ஓசூரிலிருந்து வந்தவரின் மனைவிக்கு ஏழாம் மாதம். அந்தப் பெண் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதை மொதல்லயே போட்டிருந்தா இவளை இந்த வெயில்ல இழுத்துக்கிட்டு வந்திருப்பனா?" என்று கணவர் கத்தினார். ஞானமேரி அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்து, வீங்கியிருந்த காலை அழுத்திப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை. ஞாயிறு இதழுக்கு அன்று சாயங்கால பஸ்ஸில் கவர் போயாக வேண்டும். ஞானமேரி விடுதியிலிருந்து நேரே அருள்நாதன் கடைக்கு வந்து புதுப் படிவம் ஒன்று கேட்டார். பக்கத்து வீட்டுச் சின்னக்காவையும் கூடவே அழைத்து வந்திருந்தார்.

படிவத்தில் வரிக்குப் பதினாறாக ஐந்து வரி, மொத்தம் எண்பது கட்டம். எழுத்து, எண், புள்ளி, கமா எதுவானாலும் கட்டம் ஒன்று. சொல்லுக்கு நடுவே விடும் வெற்றிடமும் ஒன்று. அச்சுக் கோப்பவர் காலையும் கொம்பையும் தனித்தனியாக எடுத்து வைப்பதால் அவையும் தனிக் கட்டம்தான். 'மா'வும் 'றை'யும் இரண்டு, 'கோ' மூன்று. எண்பத்தொன்றாவது கட்டத்தில் வருவது எதுவானாலும் சேலத்தில் வெட்டிவிடுவார்கள்.

"கெணறும் படியும் இதுல வரணும்" என்றார் ஞானமேரி.

அருள்நாதன் சிரித்தார். "தன் வூட்டுக் கொறையைத் தானே காசு குடுத்து அச்சடிக்கிற மொத ஆளு நீங்கதாங்க."

"வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறவங்க எனக்கு வேணாம். இருக்கறது ஒரே ஞாயித்துக்கெழமை."

அவர் சொல்லச் சொல்ல அருள்நாதன் பென்சிலால் நிரப்பினார். முடித்து எண்ணினார். தொண்ணூறு.

"பத்து அதிகம். கெணறையும் படியையும் எடுத்துட்டா இடமே இடம்."

"அது ரெண்டும் இருக்கட்டும். வேற எங்க கொறைக்கலாம்?"

"சுருக்கிட்டாப் போவுது" என்று அருள்நாதன் 'சமையல்' என்றிருந்ததற்குச் சமையல் அறை என்ற பொருளில் 'ச.அ.' என்றும், 'மாதா கோயில் தெரு' என்பதற்கு 'மா.கோ.தெ.' என்றும் வேறொரு தாளில் எழுதினார். ஞானமேரி தாளைச் சின்னக்காவிடம் நீட்டினார். சின்னக்கா ஐந்தாவது வரை படித்தவர். வீடு தேடுகிறவர் எப்படிப் படிப்பார் என்று பார்க்கத்தான் அவரைக் கூட்டி வந்தது.

"ச.அ.ன்னா என்னாங்க தாதியம்மா? சர்க்கார் ஆபீஸா?"

"மா.கோ.தெ.?" என்று ஞானமேரி கேட்டார்.

"அது எந்த ஊரு?"

அருள்நாதன் நெற்றியைத் தேய்த்தார். "சரி, 'ச.அறை'ன்னு போடலாம்."

ஞானமேரி விரல் வைத்து எண்ணினார். "இது அஞ்சு கட்டம். இப்ப இருக்கற 'சமையல்'லும் அஞ்சுதான். நீங்க வெக்கிற புள்ளி சும்மா வருதா? அதுவும் ஒரு கட்டம் தின்னுதே. முழுசாவே இருக்கட்டும். தெருப் பேரும் முழுசா வேணும். பஸ்ஸை வுட்டு எறங்கறவங்க மா.கோ.தெ.ன்னு கேட்டா யாரு வழி சொல்லுவாங்க?"

"அப்ப பத்தை எங்கிருந்து எடுக்கறது?"

ஞானமேரி பழைய இதழ் ஒன்றை இழுத்து விளம்பரப் பக்கத்தை விரித்தார். வரிசையின் உச்சியில் தடித்த எழுத்தில் 'வாடகைக்கு' என்று இருந்தது.

"இது மேலயே இருக்குதே. உள்ள எதுக்கு 'வாடகை'? 'மாதம் ரூ.40'ன்னா போதாதா?"

அந்தச் சொல்லும் அதன் பின்னால் இருந்த வெற்றிடமும் போயின. ஆறு கட்டம். இன்னும் நான்கு. 'மின்சாரம்' என்பதில் 'மின்' வரை நிறுத்தி, பின்னால் இருந்த கமாவுக்குப் பதில் புள்ளி வைத்துச் சின்னக்காவிடம் காட்டினார்.

"கரண்டு இருக்குதுன்னு போட்டிருக்கு" என்றார் சின்னக்கா, தயங்காமல்.

அந்த நான்கும் போயின. அருள்நாதன் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கடைசிப் புள்ளி எண்பதாவது கட்டத்தில் போய் உட்கார்ந்தது.

தருமபுரி மாடி,2 அறை,சமையல்,மின்.நீர் கீழே கிணற்றில்,படி 22.மாதம் ரூ.40.ஞானமேரி,தாதி,மாதா கோயில் தெரு.

"இதைப் படிச்சிட்டு யாரும் வரலைன்னா என்னைச் சொல்லாதீங்க" என்றபடி அருள்நாதன் கவரை ஒட்டினார்.

"உங்களை ஏன் சொல்றேன்?"

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. திங்களும் அப்படியே. ஞானமேரி இரண்டு பிரசவம் பார்த்தார். மாடியைக் கழுவி விட்டார். அதற்கான தண்ணீரை அவரே சுமந்தார்.

செவ்வாய் மத்தியானம் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. பன்னிரண்டு மூட்டை புளி. இன்னாசிராஜ் வண்டியிலிருந்து இறங்கி, "சாவி குடுங்க அண்ணி" என்றார்.

"பொழுது சாயட்டும் தம்பி. இன்னைக்கு முப்பத்தொண்ணுதான்."

"இன்னும் மூணு மணி நேரத்துல ஆகாசத்துலருந்தா ஆள் குதிக்கப் போவுது?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டி நிழலில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு மேல் ஒரு தம்பதி தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கணவர் நஞ்சப்பன், மின்சார வாரியத்தில் லைன்மேன், கடத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மனைவி சென்னம்மாள். நஞ்சப்பன் தோளில் சுருட்டிய கயிறு. கையில் இரும்புக் கப்பி.

"தாதியம்மா நீங்கதானுங்களா? கெணறைக் காட்டுங்க."

கிணற்றைப் பார்த்தார், அண்ணாந்து மாடி விளிம்பைப் பார்த்தார். விறுவிறுவென்று மேலே ஏறி, வெளியே நீட்டியிருந்த உத்திரத்தில் கப்பியைக் கட்டினார். கயிற்றின் ஒரு முனை தரையைத் தொட்டது. மறுமுனை அவர் கையில் இருந்தது.

"கயிறு எப்படிச் சரியா இருக்குது?" என்று ஞானமேரி கேட்டார்.

"நீங்கதான் படி இருபத்திரண்டுன்னு போட்டிருக்கீங்களே. படி அரை அடிக்குக் கொஞ்சம் மேல. மொத்தம் பதிமூணு அடி. போவ வர இருபத்தாறு, கைக்கு நாலு. முப்பது அடி எடுத்தாந்தேன்."

"நான்தான் ஒரு கொடம் இழுத்துப் பாக்காம அட்வான்சு குடுக்காதேன்னேன்" என்றார் சென்னம்மாள். கிணற்றில் சேந்தி, கீழே நின்று அவரே குடத்தைக் கட்டினார். குடம் ஆடி ஆடி மேலே போனது. பாதி தளும்பி, பின்னாலேயே வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இன்னாசிராஜின் சட்டையில் கொட்டியது.

"தண்ணிக்கே இந்தப் பாடு. இவங்க ஒரு மாசம் இருப்பாங்களா அண்ணி?"

"தெரிஞ்சேதான் வந்திருக்காங்க, தம்பி."

ஞானமேரி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். சென்னம்மாளின் ஈரக் கையில் வைத்தார். இன்னாசிராஜ் பிறகு சட்டையைப் பிழிந்துவிட்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டார். தெரு குறுகல். வண்டியைத் திருப்ப மாட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. நஞ்சப்பனும் இறங்கி வந்து ஒரு பக்கம் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார்.