ஜோடித் திட்டம்

தர்மபுரியில் என் லாண்டரிக்கு மாதச் சந்தா தொடங்கியபோது இரண்டு திட்டங்கள் வைத்தேன். தனியாளுக்கு முப்பது துணி, ஜோடிக்கு அறுபது. துவைக்கப் போடாமல் மிஞ்சும் எண்ணிக்கை மாதக் கடைசியோடு போய்விடும். அந்த விதியை யோசித்துக் கண்டுபிடித்ததில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அதியமான்கோட்டையில் ஒரு டீச்சரம்மா ஜோடித் திட்டத்தில் இருந்தார். அவர் கணவர் இறந்த பிறகு, தனியாள் திட்டத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னேன்.

"வேண்டாங்க, ரெண்டு பேருக்கே இருக்கட்டும்."

அதன் பிறகும் வாராவாரம் அவருடைய பையில் கணவரின் சட்டைகள் வந்தன. நான் போட்ட இஸ்திரி மடிப்பு கலையாமல் அப்படியே வந்தன. எண்ணிக்கை வீணாகக் கூடாதென்று அனுப்புகிறார் என நினைத்தேன். என் விதியின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அதை மாற்றிவிட்டு அவருக்கு போன் செய்தேன்.

"மிச்சமெல்லாம் அடுத்த மாசத்துல சேந்துக்கும்ங்க. இனிமே சும்மா இருக்கற சட்டைய அனுப்ப வேண்டாங்க."

"அப்படீங்களா? அப்ப அவரு போட்டத மட்டும் அனுப்பறேங்க."

அடுத்த வாரம் அவருடைய சேலைகளுக்கு நடுவே கணவரின் சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் காலரில் வியர்வை இன்னும் காயவில்லை.