ஆறு இலக்க எண்ணும் ஆம்பூர் ஸ்டோர் கணினியும்

தோல் தொழிற்சாலைகளுக்குப் புரோகிராம் எழுதித் தரும் நான், ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியின் ஓரம் நின்று தோலில் குத்தியிருந்த எண்ணைப் படம் எடுக்கப்போய், போன் உள்ளே விழுந்துவிட்டது. எடுத்துத் தந்தார்கள், உயிர் போயிருந்தது. புதுப் போன் வாங்கினேன், பழைய நம்பரே கிடைத்தது. தொல்லை அத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

வேலூர் வீட்டில் புது லேப்டாப்பைத் திறந்து, என் புரோகிராம்களை வைத்திருக்கும் தளத்தில் கடவுச்சொல்லைப் போட்டேன். ஆறு இலக்க எண் கேட்டது. அதைத் தரும் ஆப் தொட்டியோடு போயிருந்தது. பழைய லேப்டாப்பையும் போன வாரம்தான் எல்லாவற்றையும் அழித்து விற்றிருந்தேன். ஆறு வருட உழைப்பு உள்ளே, நான் வெளியே.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே தளம் மீட்புக் குறியீடுகள் தந்திருந்தது. அவற்றை அதே கணக்கில்தான் வைத்திருந்தேன், 'பத்திரம்' என்று பெயரிட்ட கோப்பில். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய மகானுபாவன் நான்! ஆதார் காட்டுகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். அடையாள அட்டை செல்லாது என்று பதில் வந்தது. மின்னஞ்சலுக்கு வரும் எண்ணோடு, முன்பு உள்ளே நுழைந்த கணினியோ, கணக்கில் பதிந்த எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். அந்தச் சாவி ஒரு கணினியில் இருக்கும் சிறு கோப்பு.

யோசித்து யோசித்துத் தலை வலித்தது. பிறகு ஆம்பூர் தொழிற்சாலை ஸ்டோர் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு எழுதிக் கொடுத்த புரோகிராமுக்கு மட்டும் தனிச் சாவி செய்ய சோம்பல்பட்டு, என் சொந்தச் சாவியையே அங்கிருந்த கணினியில் வைத்திருந்தேன். செய்யக்கூடாத வேலை. ஆனால் அந்தக் கணினியை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் அழிக்கப்போவதாக அவர்கள் சொல்லி மாதக் கணக்காகிவிட்டது. உடனே ஆம்பூருக்கு பஸ் ஏறினேன்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், இப்பதான் இங்க வர வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, இத ஃபார்மட் பண்ணிட்டாங்களா?"

"நான்தான் வுடல. அப்படியே கீது."

சாவி இருந்தது. தளம் தந்த கட்டளையை ஓட்டி, வந்த நீள எழுத்துச் சரத்தை அதன் பக்கத்தில் ஒட்டி அனுப்பினேன். பரிசீலிக்க மூன்று வேலை நாள் ஆகலாம் என்றது. மூன்றாம் நாள் சாயங்காலம் அனுமதி வந்தது. உள்ளே போனதும் அழுகையே வந்துவிட்டது. புதுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்தேன்.

மறுநாள் ஸ்டோரில் என் சாவியை நீக்கி, தனிச் சாவி போட்டுவிட்டு, ஏன் ஃபார்மட் செய்ய விடவில்லை என்று அக்காவைக் கேட்டேன்.

"இதுல என் தோல் லாட் கணக்கு அஞ்சு வருசத்துது கீது. காப்பி எடுத்துக் குடுங்கன்னு ரெண்டு மாசமா உங்களத்தான கேக்கறேன்? எடுத்து அனுப்பறேன், எடுத்து அனுப்பறேன்னீங்க. வரவே இல்ல."

 நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கோப்புகளைக் காப்பி எடுக்க ஆரம்பித்தேன்.